சிங்கிள் ஃபேஸ் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறதா? பிளக்கைத் திருப்பாதீர்கள்... ஸ்டார்ட்டிங் காயிலைத் திருப்புங்கள்!

த்ரீ ஃபேஸ் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்பது கிணற்றுப் பாசன விவசாயிகளுக்கு அத்துபடி. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் போட்டால் போதும், அடுத்த நிமிடமே தண்ணீர் ஒழுங்காகக் கொட்டும். ஆனால், வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் இதே வேலையைச் செய்துபார்த்தால் பலிக்காது. ஃபேஸ், நியூட்ரல் என்று அங்கே இருப்பதே இரண்டு ஒயர்கள்தான். அவற்றை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும், மோட்டார் பழைய பக்கமே சுற்றும்.

தீவனம் நறுக்கும் கருவி, மாவு மில், கதிரடிக்கும் சிறிய இயந்திரம், மர எண்ணெய்ச் செக்கு எனப் பல கருவிகளுக்குப் பழைய மோட்டாரை வாங்கிப் பொருத்துவது கிராமங்களில் வழக்கம். ஒரு கருவியில் ஓடிய மோட்டாரை இன்னொரு கருவிக்கு மாற்றும்போதுதான் இந்தத் திசைப் பிரச்னை தலைகாட்டும். சரியான முறை தெரியாமல் ஒயர்களை மாற்றிப்போட்டுக் காயிலைக் கருக்கிக்கொண்டவர்கள் பலர். நான்கு ஒயர்களும் ஒரு மல்டிமீட்டரும் கையில் இருந்தால், அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது.

நறுக்காமல் வெளியே தள்ளிய கருவி!

நாமக்கல் மாவட்டத்தில் ஆறு கறவை மாடுகளை வளர்த்து வரும் விவசாயி ஒருவருக்கு நடந்ததை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அரை ஏக்கரில் கோ-4 தீவனப்புல் போட்டிருக்கிறார். கையால் சுற்றிக்கொண்டிருந்த தீவனம் நறுக்கும் கருவிக்கு, மாவு மில் ஒன்றில் கழற்றிய 2 ஹெச்.பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை 6,500 ரூபாய்க்கு வாங்கி வந்து, வி-பெல்ட் போட்டு இணைத்திருக்கிறார்.

“சுவிட்சைப் போட்டதும் மோட்டார் நல்லாத்தான் ஓடுச்சுங்க. ஆனா, தட்டுல வெச்ச புல்லை உருளை உள்ளே இழுக்கலை. திருப்பி என்மேலேயே தள்ளுச்சு. சக்கரத்தைப் பார்த்தா, கத்தியோட முதுகுப் பக்கம் முன்னாடி வருது. வாய் பின்னாடி வருது. அப்பத்தான் மோட்டார் தலைகீழா சுத்துதுன்னு புரிஞ்சுது. பிளக்குல ரெண்டு ஒயரையும் மாத்திப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் மாறலை. ‘காயிலைப் பிரிச்சு மறுபடி கட்டணும், 4,000 ரூபாய் ஆகும்’னு ஒருத்தர் சொன்னார். அதுக்குத்தான் கொஞ்சம் யோசிச்சேனுங்க” என்கிறார் அந்த விவசாயி.

காயில் கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பக்கத்து ஊரில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மோட்டார் பழுது பார்த்து வரும் மெக்கானிக் ஒருவர் வந்து, டெர்மினல் பெட்டியைத் திறந்து, இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றினார். கருவி ஒழுங்காக நறுக்கத் தொடங்கிவிட்டது. அவர் செய்தது என்ன, ஏன் அது பலித்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

திசையை முடிவு செய்வது எது?

சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. ஒன்று ரன்னிங் காயில். இது தடித்த கம்பியால் கட்டப்பட்டிருக்கும். மோட்டார் ஓடும் நேரம் முழுக்க வேலை செய்வது இதுதான். இன்னொன்று ஸ்டார்ட்டிங் காயில். இது பெரும்பாலும் மெல்லிய கம்பியால் கட்டப்பட்டு, கண்டன்சர் வழியாக மின்சாரம் பெறும்.

“ரன்னிங் காயிலுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தா, மோட்டார் ‘உம்ம்ம்’னு உறுமிக்கிட்டு அப்படியே நிக்கும். சைக்கிள் பெடல் நேர் உச்சியில நிக்கிறப்போ, மேலேயிருந்து எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது பாருங்க, அது மாதிரிதான். அந்த நேரத்துல பெடலை முன்னாடி லேசா தட்டிவிட்டா வண்டி முன்னாடி போகும். பின்னாடி தட்டிவிட்டா பெடல் பின்பக்கமா சுத்தும். அந்த முதல் தட்டு தட்டுறதுதான் ஸ்டார்ட்டிங் காயிலோட வேலை” என்று விளக்குகிறார் மெக்கானிக்.

ஸ்டார்ட்டிங் காயிலில் ஓடும் மின்சாரம், கண்டன்சர் இருப்பதால் ரன்னிங் காயிலின் மின்சாரத்தைவிடக் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. ஒன்று முந்தி, இன்னொன்று பிந்தி வருவதால், காந்தப்புலம் ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்குகிறது. ரோட்டாரும் அதைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. எந்தப் பக்கம் சுற்றுவது என்பது, ரன்னிங் காயிலோடு ஒப்பிடும்போது ஸ்டார்ட்டிங் காயிலில் மின்சாரம் எந்த முனை வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றினால், தட்டும் பக்கம் மாறிவிடும். மோட்டாரும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

பிளக்கில் மாற்றினால் ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றும்போது, ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் இரண்டுமே ஒரே நேரத்தில் தலைகீழாகின்றன. இரண்டும் சேர்ந்து மாறுவதால், அவற்றுக்கு இடையே இருக்கும் உறவு மாறுவதில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் திருப்ப வேண்டும். அதுதான் சூட்சுமம்.

முதலில் மின்சாரத்தை எடுங்கள்... பிறகு கண்டன்சரை!

வேலையைத் தொடங்கும் முன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையே உருவிவிட வேண்டும். நேரடி இணைப்பாக இருந்தால், மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கண்டன்சர். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் இதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அது ஆளைத் தூக்கிப்போடும் அளவுக்கு அடிக்கும். “சிலர் ஸ்க்ரூடிரைவரை வெச்சு ரெண்டு முனையையும் உரசிப் பொறி பறக்க விடுவாங்க. அது தப்பு. கண்டன்சரும் கெடும், கண்ணுலயும் தெறிக்கும். 100 வாட் குண்டு பல்பு மாட்டின ஹோல்டர்ல ரெண்டு ஒயரை இழுத்து, அந்த ஒயர் முனைகளைக் கண்டன்சர் முனைகள்ல சில விநாடி வெச்சா, தேங்கின மின்சாரம் பல்பு வழியா போயிடும். பிறகு மல்டிமீட்டர்ல வோல்ட் பார்த்துட்டுத் தொடலாம்” என்கிறார் மெக்கானிக். எல்.இ.டி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. பழைய குண்டு பல்புதான் வேண்டும்.

டெர்மினல் பெட்டியின் மூடியைத் திறந்ததும், எதையும் கழற்றாமல் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. வேலை பிசகினால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படம்தான் வழி. மூடியின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும. பல மோட்டார்களில் இரண்டு திசைகளுக்குமான இணைப்பு வரைபடத்தை அங்கேயே ஒட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் தேடும் வேலையே இல்லை. அதில் காட்டியிருக்கும்படி லிங்க் பட்டைகளை மாற்றிவிட்டால் போதும். நாமக்கல் விவசாயி வாங்கிய மோட்டாரில் அந்தத் தாள் எப்போதோ கிழிந்து போயிருந்தது.

எந்த ஒயர் எந்தக் காயில்?

பெட்டிக்குள் மோட்டார் வயிற்றிலிருந்து நான்கு ஒயர்கள் வந்திருந்தன. கண்டன்சரையும் மின்சார ஒயர்களையும் கழற்றிவிட்டு, அந்த நான்கு ஒயர்களையும் தனித்தனியாகப் பிரித்து, வெள்ளை டேப் சுற்றி, 1, 2, 3, 4 என்று எண் எழுதினார் மெக்கானிக். நிறத்தை நம்பக் கூடாது. ஒருமுறை காயில் கட்டிய மோட்டாரில், கடையில் கிடைத்த நிறத்தில்தான் ஒயர் வெளியே வந்திருக்கும்.

பிறகு, மல்டிமீட்டரை 200 ஓம் அளவுக்குத் திருப்பி வைத்து, முதலில் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். 0.3 ஓம் காட்டியது. இது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. ஒவ்வொரு அளவிலிருந்தும் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும். காயில் தடை ஒன்றிரண்டு ஓம்தான் இருக்கும் என்பதால், இதைக் கழிக்காவிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

நான்கு ஒயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு ஜோடிகள் வரும். ஆறையும் அளந்தபோது, இரண்டு ஜோடிகளில் மட்டும்தான் மீட்டர் அளவு காட்டியது. 1-க்கும் 2-க்கும் இடையே 1.9 ஓம். அதில் 0.3-ஐக் கழித்தால் 1.6 ஓம். 3-க்கும் 4-க்கும் இடையே 4.5 ஓம். கழித்தால் 4.2 ஓம். மற்ற நான்கு ஜோடிகளிலும் தொடர்பே இல்லை.

தடை குறைவாக இருப்பது தடித்த கம்பி, அதாவது ரன்னிங் காயில். தடை அதிகமாக இருப்பது ஸ்டார்ட்டிங் காயில். ஆக, 1-2 ரன்னிங். 3-4 ஸ்டார்ட்டிங். மோட்டாரின் ஹெச்.பி-க்கு ஏற்ப இந்த அளவுகள் மாறும் என்றாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக, ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் இடையே அளந்து பார்த்தார். எதிலும் தொடர்பு காட்டவில்லை. ஏதாவது ஒன்றில் அளவு காட்டியிருந்தால், காயில் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த மோட்டாரை எந்தத் திசையிலும் ஓட்டக் கூடாது. நேராக காயில் கட்டும் கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

மாற்றியது இவ்வளவுதான்!

செல்போன் படத்தில் இருந்த பழைய இணைப்பு இது:

முன்பு: 1-ம் ஒயரும் 3-ம் ஒயரும் சேர்ந்து ஃபேஸில். 2-ம் ஒயரும் கண்டன்சரின் ஒரு முனையும் சேர்ந்து நியூட்ரலில். கண்டன்சரின் மறு முனையில் 4-ம் ஒயர்.

மெக்கானிக் 3-ம் ஒயரையும் 4-ம் ஒயரையும் மட்டும் இடம் மாற்றினார்.

பின்பு: 1-ம் ஒயரும் 4-ம் ஒயரும் சேர்ந்து ஃபேஸில். 2-ம் ஒயரும் கண்டன்சரின் ஒரு முனையும் சேர்ந்து நியூட்ரலில். கண்டன்சரின் மறு முனையில் 3-ம் ஒயர்.

கண்டன்சர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பும் பின்பும் அது ஸ்டார்ட்டிங் காயிலோடுதான் தொடராக இணைந்திருக்கிறது. ரன்னிங் காயிலில் கை வைக்கவே இல்லை. ஸ்டார்ட்டிங் காயிலுக்குள் மின்சாரம் நுழையும் முனை மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஸ்டார்ட்டிங் காயிலை விட்டுவிட்டு, ரன்னிங் காயிலின் 1, 2 ஒயர்களை இடம் மாற்றினாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால், ஞாபக மறதியில் இரண்டையும் மாற்றிவிட்டால், பிளக்கைத் திருப்பிய கதையாகப் பழைய பக்கமே சுற்றும். சில மோட்டார்களில் ஸ்டார்ட்டிங்குக்கு ஒன்று, ரன்னிங்குக்கு ஒன்று என இரண்டு கண்டன்சர்கள் இருக்கும். அவற்றிலும் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளைத்தான் மாற்ற வேண்டும். கண்டன்சர்களின் இணைப்பைக் கலைக்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும் முறை!

ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல், லக் போட்டு, நட்டை இறுக்கி, எர்த் ஒயர் பழைய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியை மூடிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் பெல்ட் இருக்கக் கூடாது. பெல்ட்டோடு ஓட்டி, திசை இன்னும் தவறாக இருந்தால், கருவியின் கத்தியோ பல்சக்கரமோ அடிபடும்.

புல்லியில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் சுவிட்சைப் போட்டு நிறுத்தினார் மெக்கானிக். வேகம் குறைந்து நிற்கும் நேரத்தில் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது நன்றாகத் தெரியும். திசையை எப்போதும் புல்லி இருக்கும் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். மறுபக்கம், காற்றாடி இருக்கும் பக்கம் நின்று பார்த்தால் வலம் இடமாகவும், இடம் வலமாகவும் தெரியும். “இப்படி ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னு பார்த்து, சரியா ஓடுற மோட்டாரைக்கூடப் பிரிச்சுப் போட்டிருக்காங்க” என்று சிரிக்கிறார் அவர்.

அடுத்ததாகக் காதுக்கு வேலை. இந்த மோட்டாரில் ரோட்டார் தண்டோடு ஒரு சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கிறது. மோட்டார் முழு வேகத்தில் முக்கால் பங்கை எட்டும்போது, அது விலகி ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடும். அப்போது ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். நிறுத்தும்போது, வேகம் குறைந்ததும் மறுபடியும் ஒரு ‘க்ளிக்’ கேட்கும். இந்தச் சத்தம் வரவில்லை என்றால், சுவிட்ச் விலகவில்லை என்று பொருள். சில விநாடிகள் மட்டும் வேலை செய்யக் கட்டப்பட்ட ஸ்டார்ட்டிங் காயில் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் கருகிவிடும். கண்டன்சரும் வெடிக்கலாம். உடனே நிறுத்த வேண்டும்.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். மாற்றுவதற்கு முன் பெல்ட் இல்லாமல் ஓட்டியபோது, அந்த மோட்டார் 6.1 ஆம்பியர் எடுத்தது. மாற்றிய பிறகு 6.2 ஆம்பியர். மோட்டார் வலப்பக்கம் சுற்றினாலும் இடப்பக்கம் சுற்றினாலும், ஏறத்தாழ ஒரே அளவு ஆம்பியர்தான் எடுக்க வேண்டும். மாற்றிய பிறகு ஆம்பியர் எகிறினால், இணைப்பு எங்கோ தவறு.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் பெல்ட்டை மாட்டி, உருளைக்குள் ஒரு பிடி புல்லை வைத்தார் விவசாயி. உருளை இழுத்துக்கொண்டது. கத்தியின் வாய் முன்னால் வந்தது.

தவறினால் என்ன நடக்கும்?

மோட்டார் உறுமிக்கொண்டு அப்படியே நின்றால், ஸ்டார்ட்டிங் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை. கண்டன்சர் ஒயர் விட்டுப் போயிருக்கலாம் அல்லது கண்டன்சரே செத்திருக்கலாம். இந்த நிலையில் மோட்டார் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சில விநாடிகளுக்கு மேல் விடக் கூடாது. கையால் புல்லியைச் சுழற்றிவிட்டு ஓட வைப்பதும் ஆபத்து. பெல்ட்டில் துணியோ விரலோ சிக்கிக்கொள்ளும்.

சுவிட்ச் போட்டதும் ஃபியூஸ் போனால், இணைப்பு எங்கோ தவறிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்பட்டிருக்கும். மறுபடியும் கழற்றி, ஓம் அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

இவற்றைவிட மோசமானது, உடனே தெரியாத தவறு. ஒரு சிலர் ரன்னிங் காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ட்டிங் காயிலையும், ஸ்டார்ட்டிங் இருக்க வேண்டிய இடத்தில் ரன்னிங்கையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றவும் செய்யும். ‘வேலை முடிந்தது’ என்று நினைப்பார்கள். ஆனால், மெல்லிய கம்பிக் காயில் நேரடியாக மின்சாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். சுமை ஏற்றியதும் மோட்டார் திணறும். சற்று நேரத்தில் உடம்பு கொதித்து, வார்னிஷ் கருகும் வாசனை வரும். வாசனை வந்த பிறகு காயிலைக் காப்பாற்ற முடியாது. இடம் மாற்ற வேண்டியது ஒரே காயிலின் இரண்டு முனைகளைத்தான். ஒரு காயிலை இன்னொரு காயிலோடு அல்ல.

ஒயரைத் தொடாமலும் திசையை மாற்றலாம்!

பெல்ட் மூலம் ஓடும் கருவியாக இருந்தால், மின் இணைப்பில் கை வைக்காமலே திசையை மாற்ற ஒரு வழி உண்டு. மோட்டாரைக் கழற்றி, அதன் முகத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பி, பெல்ட்டுக்கு மறுபுறத்தில் பொருத்திவிட்டால் போதும். மோட்டார் தன் கணக்கில் பழைய பக்கமேதான் சுற்றும். ஆனால், கருவியின் பக்கமிருந்து பார்க்கும்போது திசை மாறியிருக்கும். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாமக்கல் விவசாயியின் கொட்டகையில் அந்தப் பக்கம் சுவர் இருந்ததால், இது முடியவில்லை. இடம் இருப்பவர்களுக்கு இதுதான் எளிது.

எந்த மோட்டாரில் மாற்றவே கூடாது?

தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் பம்புகளுக்குத் திசை, தொழிற்சாலையிலேயே முடிவு செய்யப்பட்டது. பம்பு உடம்பில் அம்புக்குறி போட்டிருக்கும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். அதனால் ‘ஏதோ அடைப்பு’ என்று நினைத்துக் கிணற்றில் இறங்கித் தேடுபவர்கள் உண்டு. இம்பெல்லரை மரையால் திருகிப் பொருத்தியிருக்கும் பம்புகளில், எதிர்ப்பக்கம் ஓடும்போது மரை கழன்று, இம்பெல்லர் உறையோடு உரசும். காயில் கட்டி வந்த பம்பில் திடீரெனத் தண்ணீர் குறைந்தால், முதலில் பார்க்க வேண்டியது அம்புக்குறியும் சுற்றும் திசையும்தான். அங்கே திசையை மாற்றுவது என்பது, தவறிப் போனதைச் சரி செய்வதற்கு மட்டுமே.

கத்தி, அரைக்கும் கல் போன்றவற்றை மரை நட்டால் பிடித்திருக்கும் கருவிகளுக்கும் இது பொருந்தும். சரியான திசையில் சுற்றும்போது நட்டு தானாக இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தளரும். ஓட்டத்தில் கழன்ற கத்தி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

வாசகர் கேள்விகளும் மெக்கானிக்கின் பதில்களும்

*“எங்கள் போர்வெல்லில் சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது. காயில் கட்டி வந்த பிறகு தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. மோட்டாரிலிருந்து மூன்று ஒயர்கள்தான் வருகின்றன. பேனலில் மாற்றிப் போட்டுச் சரி செய்ய முடியுமா?”*

“முடியாதுங்க. மூணு ஒயர் வருதுன்னா, ரன்னிங் காயிலோட ஒரு முனையும் ஸ்டார்ட்டிங் காயிலோட ஒரு முனையும் மோட்டாருக்குள்ளேயே ஒண்ணா சேர்ந்து, பொது ஒயரா வெளியே வருதுன்னு அர்த்தம். ஓம் அளந்து பாருங்க. உதாரணமா 3, 7.5, 10.5-னு மூணு அளவு வரும். சின்ன அளவு ரெண்டையும் கூட்டினா பெரிய அளவு வரணும். பெரிய அளவு காட்டுற ஜோடியில சேராம தனியா நிக்கிறதுதான் பொது ஒயர். 3 ஓம் காட்டுறது ரன்னிங், 7.5 ஓம் காட்டுறது ஸ்டார்ட்டிங். இந்த மூணையும் பேனல்ல எப்படி மாத்தினாலும், ஒரு காயிலை மட்டும் சரியா திருப்ப முடியாது. ரன்னிங்கையும் ஸ்டார்ட்டிங்கையும் மாத்திப் போட்டா, நான் சொன்ன மாதிரி காயில் கருகும். முதல்ல ஒயர்கள் பேனல்ல சரியான இடத்துல இருக்கான்னு அளந்து பாருங்க. கழற்றி இறக்கும்போது இடம் மாறியிருக்கலாம். அது சரியா இருந்தா, மோட்டாரை மேலே எடுத்து, காயில் கட்டினவர்கிட்டயே கொடுத்து, உள்ளே இருக்கிற இணைப்பை மாத்தச் சொல்லணும்.”

*“எங்கள் மாவு மில் மோட்டார் சில நாள் சரியாகச் சுற்றுகிறது. சில நாள் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. ஒயரை மாற்ற வேண்டுமா?”*

“ஒயரைத் தொடாதீங்க. இணைப்பு தப்பா இருந்தா, எப்பவுமே ஒரே பக்கமா தப்பாத்தான் சுத்தும். மாறி மாறிச் சுத்துதுன்னா, ஸ்டார்ட்டிங் காயில் வேலை செய்யலை. கண்டன்சர் வலுவிழந்திருக்கும், இல்லைன்னா சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் முனையில கரி பிடிச்சிருக்கும். அப்ப பெல்ட் இழுப்பு, கல்லோட எடைன்னு எது லேசா தள்ளுதோ, அந்தப் பக்கம் ஓடும். கண்டன்சரை மாத்துறப்போ, பழைய கண்டன்சர்மேல எழுதியிருக்கிற அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவுல வாங்குங்க. அதுலயும் சரியாகலைன்னா சுவிட்சைச் சுத்தம் பண்ணணும்.”

*“தீவனம் நறுக்கும்போது புல் சிக்கிக்கொள்கிறது. ஒரு சுவிட்ச் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் சுற்ற வைக்க முடியுமா?”*

“ஸ்டார்ட்டிங் காயிலோட முனைகளை இடம் மாத்துறதுக்கு, நடுவுல நிறுத்தம் இருக்கிற ‘ஃபார்வர்டு-ரிவர்ஸ்’ சுவிட்ச் கடையில கிடைக்குது. ஆனா, ஓடுறப்போ மாத்தினா எதுவும் நடக்காது. ஓட்டத்துல சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் விலகி, ஸ்டார்ட்டிங் காயில் துண்டிச்சிருக்கும். அதனால மோட்டார் பழைய பக்கமே ஓடிக்கிட்டு இருக்கும். முழுசா நிறுத்தி, ரெண்டாவது ‘க்ளிக்’ கேட்டு, சக்கரம் நின்ன பிறகு மாத்திப் போட்டாத்தான் எதிர்ப்பக்கம் கிளம்பும். கத்தியோட நட்டு எதிர்ப்பக்கம் தாங்குமான்னும் முதல்ல பார்த்துக்கங்க. உங்க கருவியிலேயே உருளையை மட்டும் பின்னாடி சுத்த வைக்கிற கியர் கம்பி இருந்தா, அதைப் பயன்படுத்துறதுதான் நல்லது. எப்படி இருந்தாலும், சிக்கின புல்லைக் கையால எடுக்கிறதுக்கு முன்னாடி பிளக்கை உருவிடுங்க.”